பிளேட்டிங் ஜாப் ஒர்க் செய்பவருக்கு மதிப்பெண் போட்டேன், கணக்கு ஒன்று சொல்கிறது, மனசு ஒன்று சொல்கிறது

லேத்துக்காரன் (ஓசூர்)

வணக்கம். சிப்காட் பக்கம் சின்ன சிஎன்சி டர்னிங் பட்டறை, 14 பேர். பெரும்பாலும் எம்8, எம்10 மரை போட்ட ஸ்டட், புஷ் வகைகள். ஜிங்க் பிளேட்டிங் மட்டும் வெளியே கொடுக்கிறோம். இரண்டு இடம்: ஒன்று பக்கத்திலேயே உள்ளூரில், இன்னொன்று எல்லை தாண்டி பொம்மசந்திரா பக்கம்.

போன வருடம் ஐஎஸ்ஓ 9001 ஆடிட்டில், வெளியே வேலை கொடுக்கும் இடங்களை எப்படி மதிப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அப்போது அவசரத்துக்கு ஐந்துக்கு எத்தனை என்று ஞாபகத்தில் இருந்து போட்டுக் கொடுத்தேன். எல்லோருக்கும் 4. ஆடிட்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இந்த முறை ஒழுங்காகச் செய்யலாம் என்று இன்வர்ட் ரிஜிஸ்டரை வைத்து மூன்று மாதத்துக்குப் போட்டேன்.

தரம் 40, டெலிவரி 30, விலை 15, புகார் சொன்னால் என்ன செய்கிறார்கள் என்பதற்கு 15. எக்செல்லில் இவ்வளவுதான்:

```
=0.4*B2+0.3*C2+0.15*D2+0.15*E2
```

தரத்துக்கு லாட் கணக்கு. நேராக எடுத்துக்கொண்ட லாட் 100, பொறுக்கிப் பிரித்து எடுத்தது 50, திருப்பி அனுப்பியது 0, எங்களைத் தாண்டி கஸ்டமரிடம் போய் மாட்டியது மைனஸ் 100. உள்ளூர்க்காரர் 20 லாட்: 17 நல்லது, 2 பொறுக்கினோம் (கோ கேஜ் மரையில் ஏறவில்லை), 1 கஸ்டமரிடம் வெள்ளைத் துருவோடு மாட்டியது. சராசரி 85. பொம்மசந்திரா 8 லாட், எட்டும் நல்லது, 100.

டெலிவரிக்கு, சொன்ன தேதியில் வந்தால் 100, ஒரு நாள் தாமதம் 50, அதற்கு மேல் 0. உள்ளூர் 12, 5, 3 என்று போய் 72.5. பொம்மசந்திரா 3, 3, 2 என்று 56.25.

விலை, உள்ளூர் கிலோ 14 ரூபாய். அங்கே 12.50, ஆனால் வண்டி வாடகை கிலோவுக்கு 3 விழுகிறது, 15.50. குறைந்த விலைக்கு 100 என்று வைத்தால் அவருக்கு 90.

புகார், உள்ளூரில் மூன்று முறை சொன்னோம். அன்றே போன் எடுத்தால் 40, மூன்று நாளில் மாற்றித் தந்தால் 30, காரணம் எழுதித் தந்து மறுபடி வராவிட்டால் 30. முதல் இரண்டையும் செய்தார், காரணம் மட்டும் எழுத மாட்டார். 70. பொம்மசந்திராவிடம் புகாரே இல்லை, அதனால் 100.

மொத்தம் உள்ளூர் 81.25, பொம்மசந்திரா 85.4. எல்லா வேலையையும் அங்கே மாற்றிவிடலாமா? உள்ளூர்க்காரர் பன்னிரண்டு வருடப் பழக்கம், அதனால்தான் கை வரவில்லை.

மூக்கண்டப்பள்ளி

பர்ச்சேஸில் இருப்பவன் சொல்கிறேன், விலைக்கு 15 என்பது ரொம்பக் குறைச்சல். எங்கள் கம்பெனியில் 35. வெளியே போகிற பணம்தானே கண்ணுக்குத் தெரிகிற விஷயம்.

இன்னொன்று. கஸ்டமரிடம் போய் மாட்டியதை பிளேட்டர் தலையில் போடக்கூடாது. உங்கள் இன்வர்ட்டில் ஓகே சீல் அடித்துவிட்டீர்கள். அதோடு அது உங்கள் பொருள். உங்கள் செக்கிங் ஓட்டைக்கு அவருக்கு எதற்கு மைனஸ்?

மெஸ்_மாணிக்கம் (தருமபுரி)

நம் மெஸ்ஸில் நாலு சப்ளையர். இந்த மாதிரி மார்க் போடலாம் என்று நானும் நினைத்திருக்கிறேன். ஒருவர் சாம்பார் கேட்டால் பத்து நிமிஷம் கழித்து வருகிறார், கஸ்டமர் சத்தம் போட்டால் மட்டும் ஓடுகிறார். ஆனால் மார்க் போட்டு போர்டில் ஒட்டினால் மறுநாளே வேலையை விட்டுப் போய்விடுவார்கள் அண்ணா. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

லேத்துக்காரன்

மாணிக்கம் அண்ணா, இது பரிமாறுகிற சப்ளையர் இல்லை :) பொருளை வெளியே கொடுத்து வேலை வாங்குகிறோமே, அவர்களுக்கு.

மைக்ரோமீட்டர்

22 வருடம் ஓசூரில் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் இன்வர்ட் இன்ஸ்பெக்‌ஷன், கடைசி எட்டு வருடம் சப்ளையர் குவாலிட்டி. இப்போது வீட்டில் இருக்கிறேன், அதனால் நிதானமாக எழுத முடியும்.

தம்பி, நீங்கள் ஞாபகத்தை விட்டு ரிஜிஸ்டருக்கு வந்ததே பெரிய விஷயம். மாற்றும் முடிவுக்கு முன்னால் எனக்கு மூன்று பதில் வேண்டும்.

ஒன்று, டெலிவரி நாளை எங்கிருந்து எண்ணினீர்கள்? பிஓவில் இருக்கும் தேதியா, சலானில் அவர் பொருளைப் பெற்றுக்கொண்டு சீல் வைத்த தேதியா?

இரண்டு, மரையில் கோ கேஜ் ஏறவில்லை என்ற இரண்டு லாட்டுக்கும் சலானில் பூச்சுக் கனம் என்ன எழுதினீர்கள்? எழுதியதை அப்படியே சொல்லுங்கள்.

மூன்று, வெள்ளைத் துரு எத்தனை நாள் கழித்துத் தெரிந்தது? உங்களிடம் வந்தபோது பார்க்க எப்படி இருந்தது?

லேத்துக்காரன்

அக்கா, முதல் கேள்விக்கே மாட்டிக்கொண்டேன். பிஓ தேதியில் இருந்துதான் எண்ணினேன். இன்று உட்கார்ந்து சலான் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளூர்க்காரரின் எட்டுத் தாமதத்தில் நான்கு எங்களுடையது. எங்கள் ஆட்டோ டிரைவர் வராத நாளில் பொருள் இங்கேயே கிடந்து மறுநாள், மூன்றாம் நாள் போயிருக்கிறது. சீல் தேதியில் இருந்து எண்ணினால் 16 சரியான நேரம், 3 ஒரு நாள் தாமதம், 1 அதற்கு மேல். டெலிவரி 87.5 ஆகிவிட்டது. பொம்மசந்திராவுக்கு வாடகை வண்டி பிடித்தால் அன்றே போய்விடும், அதனால் அங்கே ஒன்றும் மாறவில்லை.

இப்போது உள்ளூர் 85.75, பொம்மசந்திரா 85.4. தலைகீழாகிவிட்டது.

சலானில் "ஜிங்க், 8 மைக்ரான் மினிமம்" என்று எழுதுவோம். அவ்வளவுதான்.

வெள்ளைத் துரு 9 நாள் கழித்து கஸ்டமர் ஸ்டோரில் பெட்டியைத் திறந்தபோது தெரிந்தது. இங்கே வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. ஐந்து பீஸ் எடுத்துக் கனம் பார்த்தோம், சரியாக இருந்தது.

மாங்கூழ் (கிருஷ்ணகிரி)

எங்கள் கதையையும் சொல்கிறேன், உங்களுக்கு உதவுமா தெரியாது. மாம்பழக் கூழ் யூனிட். 3.1 கிலோ டின் வெளியே வாங்குகிறோம். நாங்களும் வருடத்துக்கு ஒரு முறை இதே மாதிரி அட்டை போட்டோம். ஒரு டின்காரர் வருடம் முழுக்க 90க்கு மேல். ஆனால் பெங்களூரா பழம் குவிந்து வரும் அந்தச் சில வாரத்தில் இரண்டு லோடு நான்கு நாள் தாமதம். மற்ற மாதமெல்லாம் சொன்ன நாளுக்கு முந்திக் கொண்டுவந்து இறக்குகிறார், யாருக்கு வேண்டும்? பழம் காத்திருக்காது, கேட் வெளியே டிராக்டர் நிற்கிறது.

அதன் பிறகு சீசன் லோடுக்குத் தனி வரி போட்டோம். வருடச் சராசரி பார்ப்பதில்லை.

இன்னொரு தொல்லை, டின்னின் சீம் சரியில்லை என்றால் அன்றே தெரியாது. சில வாரம் கழித்துக் கிடங்கில் உப்பிக்கொண்டு நிற்கும். அதற்குள் அந்த மாத மதிப்பெண் போட்டுக் கையெழுத்தும் ஆகியிருக்கும். உங்கள் வெள்ளைத் துரு அந்த ரகம்தான் போலிருக்கிறது.

மைக்ரோமீட்டர்

மாங்கூழ் சொன்னது சரியான ஒப்பீடு. மூக்கண்டப்பள்ளி தம்பிக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. கேஜில் ஏறாத மரையை இன்வர்ட்டில் பிடிக்க முடியும், அவர்கள் பிடித்தும் இருக்கிறார்கள். அதைக் கோட்டைவிட்டு கஸ்டமருக்குப் போயிருந்தால் பாதிப் பழி நம்முடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெள்ளைத் துரு வந்த அன்று கண்ணுக்குத் தெரியாது. பூச்சு சரியாக இருக்கும், மேலே பாசிவேஷன் மெலிசாகவோ, கழுவிய பிறகு ஈரம் சரியாகக் காயாமலோ இருக்கும். சூட்டோடும் ஈரத்தோடும் பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளேயே வேர்த்து, சில நாளில் பவுடர் பூத்த மாதிரி வெளுக்கும். அதை ஐந்து பீஸ் எடுத்துக் கனம் பார்த்துப் பிடிக்க முடியாது. பிளேட்டரின் டிரையர் பக்கம் போய் நின்று பார்த்தால்தான் உண்டு.

இப்போது அந்த மைனஸ் 100க்கு வருகிறேன். கடுமையான தண்டனை என்று நினைத்துப் போட்டிருக்கிறீர்கள். போட்டுப் பாருங்கள். அந்த லாட்டை உங்கள் கேட்டிலேயே பிடித்துத் திருப்பியிருந்தால் 0, தரம் 90 ஆகியிருக்கும். கஸ்டமர் வரை போனதால் 85. அந்த ஐந்தை 0.4ஆல் பெருக்கினால் மொத்தத்தில் 2. கஸ்டமர் ஸ்டோரில் அசிங்கப்பட்டதற்கு விலை 2 மதிப்பெண். அதை அவர் தாமதமான இரண்டு லாட்டைச் சொன்ன தேதியில் கொடுத்திருந்தாலே ஈடுகட்டிவிடலாம். உங்கள் மனசு ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், கஸ்டமர் வரை போனதைச் சராசரிக்குள்ளேயே விடுவதில்லை. மொத்தத்துக்குப் பக்கத்தில் தனிக் கட்டம், அதில் எண்ணிக்கை மட்டும். அது ஒன்று ஆனாலும் மொத்தம் 95 இருந்தாலும் நிலை "கண்காணிப்பு". காரணம் எழுத்தில் வந்து, அடுத்த மூன்று லாட் நாமே கூடுதலாகச் சோதித்துச் சரியாக இருந்தால்தான் அது போகும்.

மூக்கண்டப்பள்ளி

சரி, வெள்ளைத் துருவில் நான் சொன்னது தப்பு. விலையில் விடமாட்டேன் :)

மைக்ரோமீட்டர்

விடாதீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், விலை ஏற்கனவே பேசி முடித்த விஷயம். மாதாமாதம் மாறாத ஒன்றுக்கு 35 கொடுத்தால் அந்த 35இல் எப்போதும் ஒரே எண்தான் வரும், மற்ற வரிகள் ஆடுவது அடங்கிப்போகும். விலை வரியில் நான் பார்த்தது வேறு: பேசிய விலையில் பில் வந்ததா, உயர்வு கேட்டால் முன்கூட்டிச் சொன்னாரா, குறைந்தபட்ச லாட் சார்ஜ் என்று இடையில் எதையாவது நுழைத்தாரா. அதற்கு 15 போதும்.

இனி மரை. தம்பி, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உங்கள் டிராயிங்கில் 6ஜி மரைதானே? எம்8 x 1.25க்கு 6ஜி என்றால் மேல் எல்லை, அடிப்படை அளவுக்கு 28 மைக்ரான் கீழே. அந்த இடம்தான் பூச்சுக்கு விட்டது. 60 டிகிரி மரையில் பூச்சு எவ்வளவு கனமோ, அதன் நாலு மடங்கு பிட்ச் விட்டத்தில் ஏறும். அதாவது 7 மைக்ரானிலேயே 28 தீர்ந்துவிட்டது. நீங்கள் கேட்பதோ 8 மினிமம்.

மரையை மேல் எல்லையை ஒட்டி வெட்டி அனுப்பியிருந்தால், 8 மைக்ரான் போட்டவுடனே கேஜ் முரண்டு பிடிக்கும். மினிமம் என்று மட்டும் எழுதினால் பிளேட்டர் பயந்து 12, 14 போடுவார். 14 என்றால் 56 மைக்ரான். அப்புறம் கேஜ் எப்படி ஏறும்? அந்த இரண்டு லாட்டும் வெட்டிய அளவு ரிப்போர்ட் இருக்கிறதா?

தொட்டிக்காரர்

நான் பிளேட்டிங் பட்டறை நடத்துபவன். நீங்கள் சொல்லும் ஆள் நானில்லை, ஆனால் நானாகவும் இருக்கலாம் :)

மேடம் சொன்னதைப் படித்து மனசு குளிர்ந்தது. வாரம் ஒருமுறை "உன் பூச்சு ஜாஸ்தி" என்று மூட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். வெட்டும்போதே இடம் விடவில்லை என்று சொன்னால் கோபம் வருகிறது. ஸ்ட்ரிப் செய்து மறுபடி போட்டுக் கொடுக்கிறேன், அந்தச் செலவும் என் தலையில். இதில் "காரணம் எழுதித் தரவில்லை" என்று 30 மதிப்பெண் குறைப்பு வேறு. என்னவென்று எழுதுவது? "உங்கள் லேத் செட்டிங் தப்பு" என்று எழுதினால் அடுத்த மாதம் வேலை வருமா?

இன்னொன்றும் கேட்கிறேன். எங்களுக்கு யார் மதிப்பெண் போட்டாலும் எங்கள் பில்லை எத்தனை நாளில் கொடுத்தீர்கள் என்று ஒரு வரி இருக்கிறதா? சிறு தொழிலுக்கு 45 நாளைத் தாண்டக்கூடாது என்று 2006 சட்டமே சொல்கிறது. 90 நாள் கழித்துப் பணம் தருபவருக்கு முதலில் பொருளை எடுத்து வைக்க யாருக்குக் கை வரும்? அவருக்கு அது "டெலிவரி தாமதம்" என்று ரிஜிஸ்டரில் ஏறும்.

மூக்கண்டப்பள்ளி

அண்ணா, பேமெண்டை சப்ளையர் ஸ்கோரில் போட முடியாது. அது நம்மைப் பற்றிய வரி. அதற்குத் தனி அட்டை.

தொட்டிக்காரர்

தனி அட்டை போடுங்கள். போடுகிறவரை இதுவரை பார்த்ததில்லை.

லேத்துக்காரன்

பேமெண்டில் நான் 60 நாள். பொய் சொல்ல விரும்பவில்லை.

அக்கா, ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். ஒரு லாட்டுக்கு இருக்கிறது, மேல் எல்லைக்கு 6 மைக்ரான் கீழே வெட்டியிருக்கிறோம். அப்படியென்றால் 34 மைக்ரான் இடம், 8 போட்டால் 32. தலைமுடி இடைவெளி கூட இல்லை. இன்னொரு லாட்டுக்கு ரிப்போர்ட்டே இல்லை, இரவு ஷிப்ட்.

இன்னொரு சந்தேகம். பொம்மசந்திராவுக்கு அதே மரை பார்ட் போனால் எப்படி எட்டும் நல்லது?

மைக்ரோமீட்டர்

எட்டு லாட்டில் மரை உள்ளது எத்தனை?

லேத்துக்காரன்

…ஒன்று. மீதி ஏழும் வெறும் புஷ்.

மைக்ரோமீட்டர்

பாருங்கள். சுலபமான வேலையை ஒருவருக்குக் கொடுத்து 100 வாங்கவைத்திருக்கிறீர்கள். அதுவும் எட்டே லாட். அதில் ஒன்று கெட்டால் தரம் 87.5க்கு இறங்கும், மொத்தத்தில் 5 போய்விடும். இருபது லாட்டையும் எட்டு லாட்டையும் அரை மதிப்பெண் வித்தியாசத்தில் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. எங்களிடம் பத்து லாட்டுக்குக் கீழே இருந்தால் மொத்தத்தைப் பென்சிலில்தான் எழுதுவோம், அதை வைத்து யாரையும் மாற்ற மாட்டோம்.

புகாரே இல்லாதவருக்கு 100 போட்டதும் சரியில்லை. அவர் புகாரை எப்படிக் கையாளுவார் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியாததற்கு முழு மதிப்பெண் கொடுக்கக் கூடாது, பூஜ்யமும் கூடாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, மீதி 85க்குப் பங்கிடுங்கள்:

```
=IF(E2="",(0.4*B2+0.3*C2+0.15*D2)/0.85,0.4*B2+0.3*C2+0.15*D2+0.15*E2)
```

அவருக்கு 82.8 வரும்.

மாங்கூழ்

இது நல்லது. நாங்கள் காலியாக இருந்தால் 75 என்று போட்டுக்கொண்டிருந்தோம், யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது.

மெஸ்_மாணிக்கம்

இப்போதுதான் புரிகிறது. அப்படியென்றால் எனக்குத் தக்காளிக்கு உதவும். பாலக்கோடு மண்டியில் இருந்து இரண்டு பேர் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். பெட்டியில் மேல் இரண்டு வரிசை மட்டும் கெட்டிப் பழம், அடியில் கூழ். விலை தினமும் மாறுகிறது, அதற்கு எப்படி மார்க்?

மைக்ரோமீட்டர்

மாணிக்கம், அன்றைய மண்டி விலைக்கு எவ்வளவு மேலே பில் போட்டார் என்று மட்டும் பாருங்கள். பழத்துக்கு, பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, தூக்கிப் போட்டது எத்தனை கிலோ என்று எடை போட்டு எழுதுங்கள். மற்ற இரண்டும் உங்களுக்கு வேண்டாம், தக்காளிக்கு 15 மதிப்பெண் புகார் வரி அதிகம்.

லேத்துக்காரன் (பதினெட்டு நாள் கழித்து)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அட்டையை அச்செடுத்து உள்ளூர்க்காரரிடம் நேரில் கொடுத்தேன். முதலில் முகம் சுண்டிவிட்டது. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு லாட்டாகப் பார்த்து, தாமதம் என்று நான் எழுதிய மீதி நான்கில் ஒன்றைக் கை வைத்துக் காட்டினார். அன்று ஏரியா முழுக்கக் கரண்ட் இல்லை. அதை எடுக்கவில்லை. கஸ்டமருக்கு அந்தக் காரணம் சொல்லி நான் தப்பிக்க முடியாது என்றேன், ஒத்துக்கொண்டார்.

வெள்ளைத் துருவுக்கு டிரையர் பக்கம் நின்று பார்த்தேன். பகலில் சரியாக இருக்கிறது. இரவில் கடைசி பேரல் வெளியே வரும்போது ஆள் அவசரத்தில் முழுதும் காய்வதற்கு முன்பே பையில் கட்டிவிடுகிறார். இனி கடைசி பேரல் மட்டும் காலைவரை டிரேயில் விரித்து வைப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், பன்னிரண்டு வருடத்தில் அவர் எழுதித் தந்த முதல் கடிதம். நிலை "கண்காணிப்பு"தான். இரண்டு லாட் சோதித்துவிட்டேன், மூன்றாவது வரவேண்டும்.

சலானில் இப்போது "8 முதல் 11 மைக்ரான்" என்று எழுதுகிறோம். மரையை மேல் எல்லைக்கு 20 மைக்ரான் கீழே வெட்டச் சொல்லியிருக்கிறேன், 11 போட்டாலும் 44க்கு 48 இடம் இருக்கும். கீழ் எல்லை தாண்டாமல் இருக்க இன்சர்ட்டை முன்பைவிடச் சீக்கிரம் மாற்றவேண்டியிருக்கிறது, அந்தச் செலவு என்னுடையது. பொம்மசந்திராவுக்கும் வேண்டுமென்றே மரை பார்ட் நான்கு லாட் அனுப்பியிருக்கிறேன், பார்க்கலாம்.

மூக்கண்டப்பள்ளி

பேமெண்ட்?

லேத்துக்காரன்

இந்த மாதம் 48 நாளில் கொடுத்தேன். சிரிக்காதீர்கள்.

தொட்டிக்காரர்

சிரிக்கவில்லை. அந்த இரண்டு மரை லாட்டை அவர் கணக்கில் இருந்து எடுத்தீர்களா, இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

லேத்துக்காரன்

ரிப்போர்ட் இருக்கும் லாட்டை எடுத்துவிட்டேன். இரவு ஷிப்ட் லாட்டுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நாங்கள் எப்படி வெட்டினோம் என்பதற்கும் தாள் இல்லை, அவர் எவ்வளவு பூசினார் என்பதற்கும் தாள் இல்லை. 50 என்பதைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.